அடுத்தவர் கணக்கில் விழுந்த எண்

பல ஆயிரம் வாடிக்கையாளர்களின் மாதாந்திரப் பதிவுகள் அடங்கிய ஓர் அட்டவணை. ஆங்காங்கே கட்டங்கள் காலியாக இருந்தன. தரவைச் சுத்தம் செய்து முடித்த பிறகு வந்த அறிக்கை, ‘காலிக் கட்டங்கள்: 0’ என்கிறது. படிப்பவருக்கு நிம்மதி. ஆனால் அந்த வேலை பைத்தான் மொழியின் பாண்டாஸ் தொகுப்பைக் கொண்டு நடந்திருந்தால், அந்தச் சுழியைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும். எந்தத் தகவலும் பதிவாகாத வாடிக்கையாளர் ஒருவர்கூட இந்தப் பட்டியலில் இருந்ததில்லையா? இருந்தார் என்றால், அவருடைய கட்டங்களில் இப்போது நிற்கும் எண் யாருடையது?

பெரும்பாலும் அது பட்டியலில் அவருக்கு நேர் மேலே இருக்கும் இன்னொரு வாடிக்கையாளருடையது. இந்தத் தவறு நடக்கும்போது கணினி எந்த எச்சரிக்கையும் தராது. நிரல் ஓடி முடியும், கட்டங்கள் நிரம்பும், கூட்டுத்தொகை வரும். அந்தத் தொகையை நம்பிக் கட்டணப் பட்டியலோ ஆண்டு அறிக்கையோ தயாராகிவிடும். ஒரே ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால் வரும் பிழை இது. எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பின் எஞ்சுவதை என்ன செய்வது என்பதை ஒரு சிறிய அட்டவணையை வைத்தே முழுமையாகப் பார்த்துவிடலாம்.

மேலே உள்ளதைக் கீழே எழுதுதல்

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அதே பத்தியில் அதற்கு மேலே கடைசியாக எழுதப்பட்டிருக்கும் மதிப்பை எடுத்து அதில் இடுவதற்கு ‘ஃபார்வர்ட் ஃபில்’ என்று பெயர். பாண்டாஸில் இதற்கான கட்டளை `ffill()`. பழைய நிரல்களில் இதே வேலை `fillna(method="ffill")` என்று எழுதப்பட்டிருக்கும். 2023இல் வந்த 2.1 பதிப்பில் அந்தப் பழைய வடிவத்தைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை வரத் தொடங்கியது. எழுதும் முறைதான் வேறு, இரண்டும் செய்வது ஒன்றையே.

கணக்கு நோட்டில் ஒரே விவரம் அடுத்தடுத்து வந்தால் ‘மேற்படி’ என்று போட்டுக்கொண்டே போவது போன்ற வேலைதான் இது. ஆனால் கணக்கு எழுதுபவர், ஒருவருடைய கணக்கு முடிந்து அடுத்தவருடைய கணக்கு தொடங்கும் இடத்தில் கோடு கிழித்துப் புதிய பெயரை எழுதுவார். அந்தக் கோட்டுக்குக் கீழே முதல் வரியிலேயே ‘மேற்படி’ போட அவர் கை வராது. `ffill()` கட்டளைக்கு அந்தக் கோடு தெரியாது.

இந்த முறை தன்னளவில் நியாயமானதுதான். ஒரு விவரம் மாறும்போது மட்டும் பதிவு செய்யும் அமைப்புகள் நிறைய உண்டு. இணைய இணைப்புக்கான மாதக் கட்டணம் திட்டம் மாறும் மாதத்தில் மட்டும் பதிவாகும். இடையில் வரும் மாதங்கள் காலியாக இருப்பதன் பொருள் ‘மாற்றமில்லை’ என்பதே. பங்குச் சந்தை விடுமுறை நாளில் விலை பதிவாகாது என்பதால், அதற்கு முந்தைய நாளின் இறுதி விலையை வைத்துக்கொள்வார்கள். இந்த இடங்களில் மேலே இருக்கும் மதிப்பைக் கீழே கொண்டுவருவது உண்மைக்கு மிக அருகில் நிற்கும் ஊகம். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே ஆளைப் பற்றியவை என்ற ஒரு நிபந்தனை மட்டும் அதற்கு உண்டு.

ஒன்பது வரிகள் சொல்வது

விளக்கத்துக்காக ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று மாதங்கள். `fee` என்ற பத்தியில் மாதக் கட்டணம் ரூபாயில் இருக்கிறது. `NaN` என்று திரையில் தெரிவது காலிக் கட்டம்.

```
customer    month    fee
C101      2024-01  499.0
C101      2024-02    NaN
C101      2024-03  799.0
C102      2024-01    NaN
C102      2024-02    NaN
C102      2024-03  599.0
C103      2024-01    NaN
C103      2024-02    NaN
C103      2024-03    NaN
```

முதல் வாடிக்கையாளர் ஜனவரியில் 499 ரூபாய்த் திட்டத்தில் இருந்தார், மார்ச்சில் 799க்கு மாறினார். பிப்ரவரி காலியாக இருப்பது மாற்றமில்லை என்பதால். இரண்டாமவரின் ஜனவரி, பிப்ரவரி விவரங்கள் பழைய மென்பொருளில் இருந்தன, புதியதற்குக் கொண்டுவரப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில்தான் அவருக்கு 599 என்ற பதிவு வருகிறது. மூன்றாமவருக்குக் கட்டணமே நிர்ணயிக்கப்படவில்லை. அவர் சோதனை இணைப்பில் இருக்கலாம், நிறுவனத்தின் ஊழியராகவும் இருக்கலாம். இப்படிப் பார்த்தால், திரையில் ஒரே மாதிரி தெரியும் `NaN` மூன்று வேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது.

இப்போது பலரும் எழுதும் கட்டளை இது:

```
df["fee"] = df["fee"].ffill()
```

முதலாமவரின் பிப்ரவரியில் 499 வந்து உட்காருகிறது. அது சரி. இரண்டாமவரின் ஜனவரி வரிக்கு வரும்போது, மேலே கடைசியாக இருக்கும் மதிப்பு 799. அது முதலாமவரின் மார்ச் கட்டணம். கட்டளை அதை அப்படியே இறக்கி, இரண்டாமவரின் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இடுகிறது. ஆகவே 599 ரூபாய்த் திட்டத்தில் மட்டுமே பதிவான ஒருவர், ஆண்டின் தொடக்கத்தில் 799 செலுத்திவந்து பிறகு மலிவான திட்டத்துக்கு இறங்கியவராகத் தெரிகிறார். விற்பனைப் பிரிவு இதைப் பார்த்தால், ‘திட்டத்தைக் குறைத்துக்கொண்டவர்கள்’ பட்டியலில் அவரைச் சேர்த்துவிடும். நடக்காத ஒரு நிகழ்வுக்குக் காரணம் தேடத் தொடங்கும்.

மூன்றாமவரின் நிலை இன்னும் மோசம். அவருக்கென்று ஒரு மதிப்புகூட இல்லாததால், இரண்டாமவரின் 599 மூன்று மாதங்களுக்கும் பரவிவிடுகிறது. கட்டணமே இல்லாதவர் மாதம் 599 செலுத்துபவர் ஆகிறார். அவருக்குக் கீழே இன்னும் நூறு பேர் இப்படிப் பதிவின்றி இருந்தால், அந்த நூறு பேருக்கும் அதே 599 போய்ச் சேரும். இடையில் யாராவது ஒருவரின் சொந்த மதிப்பு எதிர்ப்பட்டால்தான் அந்த ஓட்டம் நிற்கும்.

மூன்று மாதக் கட்டணங்களைக் கூட்டினால் இப்போது 5791 ரூபாய் வருகிறது. ஒவ்வொருவரின் மதிப்பையும் அவரவருக்குள் மட்டும் நிரப்பியிருந்தால் 2396 மட்டுமே வந்திருக்கும். கூடுதலாக வந்த 3395 ரூபாய், ஐந்து கட்டங்களில் விழுந்த அடுத்தவர் எண்களின் கூட்டுத்தொகை: இரண்டு 799, மூன்று 599.

கருவி ஏன் தடுப்பதில்லை

பாண்டாஸின் பார்வையில் ஓர் அட்டவணை என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பத்திகளின் தொகுப்பு. `ffill()` ஒரு பத்தியை எடுத்து மேலிருந்து கீழே நடக்கிறது. `fee` பத்தியில் நடக்கும்போது பக்கத்தில் இருக்கும் `customer` பத்தியை அது திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பத்தியில் இருப்பது ஆட்களின் அடையாள எண் என்பதும், அந்த எண் மாறும் இடம் ஓர் எல்லை என்பதும் நமக்குத் தெரியும். கட்டளைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

பாண்டாஸை வெஸ் மெக்கின்னி 2008இல் ஏக்யூஆர் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வேலை செய்தபோது எழுதத் தொடங்கினார். நிதித் துறையில் விலைப் பட்டியல்களைப் பெரும்பாலும் அகல வடிவில் வைப்பது வழக்கம். ஒவ்வொரு வரியும் ஒரு நாள், ஒவ்வொரு பத்தியும் ஒரு பங்கு. அந்த வடிவில் `ffill()` கொடுத்தால் ஒரு பங்கின் விலை இன்னொரு பங்குக்குப் போக வழியே இல்லை. ஒவ்வொரு பங்கும் தனக்கென ஒரு பத்தியில் இருப்பதால், பத்தியின் ஓரமே எல்லையாகிவிடுகிறது.

நிறுவனங்களின் தரவுத்தளத்திலிருந்து வரும் அட்டவணைகள் அப்படி இருப்பதில்லை. அவை நீள வடிவில் வருகின்றன. ஒரு வாடிக்கையாளரின் எல்லா மாதங்களும், அவருக்குக் கீழே அடுத்தவரின் எல்லா மாதங்களும், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று எல்லாரும் ஒரே பத்தியில் அடுக்கப்பட்டிருப்பார்கள். அகல வடிவில் பாதுகாப்பாக இருந்த அதே கட்டளை நீள வடிவில் ஆபத்தாகிறது. அகல வடிவத்தில் ffill பழகியவர் நீள வடிவத்துக்கு வந்ததும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இதைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. நம் ஒன்பது வரிகளை `pivot` கொண்டு அகல வடிவுக்குத் திருப்பி, மாதத்துக்கு ஒரு வரியும் வாடிக்கையாளருக்கு ஒரு பத்தியுமாக வைத்துவிட்டு `ffill()` கொடுத்துப் பாருங்கள். C102இன் முதல் இரண்டு கட்டங்களும் C103இன் மூன்று கட்டங்களும் காலியாகவே நிற்கும். தரவும் கட்டளையும் மாறவில்லை. அடுக்கிய விதம் மாறியதும் விடை மாறிவிட்டது.

வரிசை மாறினால் தொகை மாறும்

இந்தப் பிழையின் தன்மையைப் புரிந்துகொள்ள, வாடிக்கையாளர்களின் வரிசையை மட்டும் மாற்றி அதே தவறான கட்டளையை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

C101, C102, C103 என்ற வரிசையில் மொத்தம் 5791 என்று கண்டோம். C102ஐ மேலே வைத்து, அடுத்து C101, கடைசியில் C103 என்று அடுக்கினால், இரண்டாமவரின் முதல் இரண்டு கட்டங்களுக்கு மேலே எதுவும் இல்லாததால் அவை காலியாகவே இருக்கும். மூன்றாமவருக்கு இப்போது 799 போய்ச் சேரும். மொத்தம் 4793. எல்லா வரிகளையும் மாத வரிசையில் கலந்து அடுக்கினால் இன்னொரு விடை: 4991. அந்த அடுக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஆள் மாறுவதால், காலிக் கட்டங்களில் பெரும்பாலானவை வேறொருவரின் எண்ணைத்தான் எடுக்கின்றன.

C103, C102, C101 என்று தலைகீழாக அடுக்கினால் 2396 வருகிறது. இதுதான் சரியான தொகை. தவறான கட்டளை தற்செயலாகச் சரியான விடை தந்துவிட்டது, காலிக் கட்டங்களோடு தொடங்குபவர்கள் மேலே போய்விட்டதால். சிறிய மாதிரித் தரவில் சோதித்து ‘சரியாகத்தான் வருகிறது’ என்று திருப்தி அடைந்த நிரல், முழுத் தரவில் தவறுவதற்கு இப்படிப்பட்ட வரிசையும் ஒரு காரணம்.

வாடிக்கையாளர்கள் எந்த வரிசையில் நின்றாலும் அவர்கள் செலுத்திய கட்டணம் மாறக்கூடாது. வரிசையை மாற்றினால் மாறும் தொகை, வாடிக்கையாளர்களைப் பற்றியது அல்ல. அது அட்டவணையில் யாருக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்பதைப் பற்றியது.

எல்லையைச் சொல்லித் தருதல்

சரியான வழி இரண்டே அடிகள்:

```
df = df.sort_values(["customer", "month"])
df["fee_filled"] = df.groupby("customer")["fee"].ffill()
```

முதல் அடி ஒவ்வொரு வாடிக்கையாளரின் மாதங்களையும் கால வரிசையில் வைக்கிறது. இரண்டாவது அடியில் வரும் `groupby("customer")` தான் எல்லைக்கோடு. அது அட்டவணையை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனித்தனியாக நிரப்புகிறது. ஒரு பிரிவின் முதல் வரிக்கு மேலே அந்தப் பிரிவில் எதுவும் இல்லை என்பதால் அது காலியாகவே நிற்கும்.

முதல் அடியையும் விட்டுவிட முடியாது. `groupby` ஆளைத்தான் பிரிக்கும், காலத்தை அடுக்காது. ஒருவருடைய மார்ச் வரி ஜனவரிக்கு மேலே இருந்தால், மார்ச் கட்டணம் ஜனவரிக்குப் போய்விடும். ஆள் சரியாகவே இருப்பார், காலம் தவறிவிடும்.

நிரப்பிய மதிப்பு `fee_filled` என்ற புதிய பத்தியில் வைக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். மூலப் பத்தியின் மேலேயே எழுதிவிட்டால், எந்த எண் பதிவானது, எந்த எண் நிரப்பப்பட்டது என்பதை அந்த அட்டவணையிலிருந்து இனி அறிய முடியாது. பத்தி இரண்டாக இருந்தால், பிழை இருந்தாலும் பிறகு தேடிப் பிடிக்கலாம்.

groupby எழுதியும் கசியும் இடங்கள்

எல்லையை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடுத்து வரும் கட்டளைகளும் அதை மதிக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் `groupby` அதற்கு நேர் அடுத்து வரும் ஒரு கட்டளையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அது முடிந்ததும் பிரிவுகள் கலைந்து, கையில் இருப்பது மீண்டும் ஒரே நீளப் பத்தி.

இது அதிகமாக ஏமாற்றும் ஓரிடம்:

```
df.groupby("customer")["fee"].ffill().bfill()
```

`bfill()` என்பது கீழே இருக்கும் மதிப்பை மேலே கொண்டுவருவது. எழுதியவரின் எண்ணம், முதலில் கீழ்நோக்கி நிரப்பி, எஞ்சியதை மேல்நோக்கி நிரப்புவது. ஆனால் `ffill()` மட்டுமே பிரிவுக்குள் நடக்கிறது. `bfill()` முழுப் பத்தியிலும் நடக்கிறது. நம் ஒன்பது வரிகளில் இதன் தீங்கு தெரியாது. C102இன் முதல் இரண்டு மாதங்களுக்கு அவருடைய சொந்த 599 வரும், கடைசியில் நிற்கும் C103 காலியாகவே இருக்கும். பார்ப்பவர், சரிதான் என்று நகர்ந்துவிடுவார். பட்டியலில் C104 என்று ஒருவர் 899 ரூபாய்க் கட்டணத்துடன் சேர்ந்த மாதம், C103இன் மூன்று கட்டங்களிலும் 899 ஏறிவிடும். நிரலை யாரும் தொடவில்லை, புதிய வாடிக்கையாளர் வந்தார், பழையவரின் வரலாறு மாறிவிட்டது.

இன்னோர் இடம், போன மாத மதிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வருவது. `shift()` என்ற கட்டளை ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வரி கீழே தள்ளும். அதைப் பிரிவுக்குள் செய்தால் ஒவ்வொருவரின் முதல் மாதமும் காலியாகும். முதல் மாதத்துக்கு முந்தைய மாதம் கிடையாது என்பதால் அது சரியே. அதன் பின்னால் வெறும் `.ffill()` சேர்த்துவிட்டால், அந்த முதல் மாதம் ஒவ்வொன்றிலும் முந்தைய வாடிக்கையாளரின் எண் வந்து விழும். சொந்தப் பதிவுகள் முழுமையாக இருப்பவர்கள்கூட இதில் தப்புவதில்லை. பாதுகாப்பான வழி, முதலில் பிரிவுக்குள் நிரப்புவது, பிறகு மீண்டும் பிரித்துத் தள்ளுவது:

```
fee = df.groupby("customer")["fee"].ffill()
prev = fee.groupby(df["customer"]).shift()
```

இரண்டு அடியிலும் `groupby` வருகிறது. ஒன்று மிகை என்று தோன்றலாம், ஆனால் இரண்டுமே தேவை.

மதிப்பு யாருக்குச் சொந்தம்?

எந்தப் பத்தியைக் கொண்டு பிரிப்பது என்பதும் யோசித்து முடிவு செய்யவேண்டியது. ஒரு வாடிக்கையாளருக்கு வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என இரண்டு இணைப்புகள் இருந்தால், கட்டணம் ஆளுக்கு உரியது அல்ல, இணைப்புக்கு உரியது. அப்போது வாடிக்கையாளர் எண்ணை மட்டும் வைத்துப் பிரித்தால், வீட்டு இணைப்பின் கட்டணம் கடை இணைப்பின் காலிக் கட்டத்துக்குப் போகும். ஆள் ஒருவரே என்பதால் இந்தக் கசிவு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். வாடிக்கையாளர், இணைப்பு என இரு பத்திகளையும் சேர்த்து `groupby(["customer", "line"])` என்று பிரிக்க வேண்டும். அதே வாடிக்கையாளரின் முகவரி என்றால் ஆளை மட்டும் வைத்துப் பிரிப்பதே சரி. இந்த விவரம் எதைப் பற்றியது என்று ஒவ்வொரு பத்திக்கும் தனியாகக் கேட்டாக வேண்டும்.

பிரிக்காமல் நிரப்புவதே சரியாகும் ஓரிடமும் உண்டு. எக்செல் அறிக்கைகளில் வாடிக்கையாளர் பெயரை அவருடைய முதல் வரியில் மட்டும் எழுதி, கீழ் வரிகளை ஒன்றாக இணைத்தோ காலியாகவோ விட்டிருப்பார்கள். பாண்டாஸில் திறந்தால் அந்த வரிகளில் `NaN` தெரியும். இங்கே பெயர்ப் பத்தியைத் தனியாக `ffill()` செய்வதுதான் எல்லைகளையே உருவாக்குகிறது. ஒவ்வொரு பெயரும் அடுத்த பெயர் வரும்வரை செல்லும். அதை முடித்த பிறகு, அந்தப் பெயரைக் கொண்டு பிரித்து மற்றப் பத்திகளை நிரப்ப வேண்டும். எல்லாப் பத்திகளுக்கும் சேர்த்து ஒரே கட்டளை கொடுத்துவிட்டால், பெயர் சரியாகவும் கட்டணம் தவறாகவும் நிரம்பும்.

கசிந்ததா என்று எப்படி அறிவது?

மூலத் தரவு கையில் இருந்தால் உறுதியான சோதனை எளிது. இரண்டு விதமாகவும் நிரப்பி ஒப்பிட வேண்டும்:

```
d = df.sort_values(["customer", "month"])
plain = d["fee"].ffill()
own = d.groupby("customer")["fee"].ffill()
leak = plain.notna() & own.isna()
d[leak]
```

வாடிக்கையாளர் வாரியாக அடுக்கிய அட்டவணையில், இரண்டு முறைகளும் வேறுபடக்கூடிய இடம் ஒன்றுதான்: ஒருவரின் முதல் சொந்த மதிப்புக்கு முன்னால் இருக்கும் கட்டங்கள். சொந்த மதிப்பு ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு இரண்டும் அதையே எடுக்கும். ஆகவே பிரித்து நிரப்பினால் காலியாகவும், பிரிக்காமல் நிரப்பினால் நிறைந்தும் இருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் கசிவுதான். நம் அட்டவணையில் இந்தச் சோதனை மிகச் சரியாக ஐந்து வரிகளைக் காட்டும். C102இன் இரண்டு, C103இன் மூன்று.

மூலம் போய்விட்டது, நிரப்பிய அட்டவணை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது என்றாலும் தடயங்கள் இருக்கும். முதல் தடயம், எஞ்சிய காலிக் கட்டங்கள் இருக்கும் இடம். பிரிக்காமல் நிரப்பிய பத்தியில், நிரப்பியபோது இருந்த வரிசைப்படி, முதல் மதிப்பு வருவதற்கு முந்தைய கட்டங்கள் மட்டுமே காலியாக இருக்க முடியும். அட்டவணையின் உச்சியில் சில `NaN`, அதற்குக் கீழே கடைசிவரை ஒன்றுகூட இல்லை என்றால், அது ஏறக்குறைய கையெழுத்துப் போல. முறையாகப் பிரித்து நிரப்பியிருந்தால் காலிக் கட்டங்கள் அங்கங்கே, வாடிக்கையாளர்களின் தொடக்கத்தில் சிதறிக் கிடக்கும்.

இரண்டாவது தடயம், எல்லைகளில் எண்கள் ஒத்துப்போவது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் முதல் வரியையும், அவருக்கு மேலே நிற்பவரின் கடைசி வரியையும் ஒப்பிட வேண்டும். கட்டணம் போல நாலைந்து விலைகள் மட்டுமே இருக்கும் பத்தியில் தற்செயலாகவே நிறைய ஒத்துப்போகும். அதனால் வாடிக்கையாளர்களைக் கலைத்து அடுக்கி, அப்போது எத்தனை இடங்களில் ஒத்துப்போகிறது என்று எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மின் அளவியின் எண், வங்கி இருப்பு போன்று ஆளுக்கு ஆள் வேறுபடும் மதிப்புகளில் தற்செயலுக்கு இடம் மிகக் குறைவு. இருவருடைய எல்லையில் 18,437.60 என்ற ஒரே தொகை நின்றால், அங்கே ஒருவருடையது இன்னொருவருக்குப் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடலாம்.

எஞ்சும் காலிக் கட்டங்கள்

எல்லையைச் சரியாகப் போட்டபின் நம் அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலியாகவே நிற்கின்றன. அவற்றை மேலும் ஒரு கட்டளையால் நிரப்பிவிடும் ஆசை வரும். C102இன் ஜனவரி, பிப்ரவரிக்கு அவருடைய மார்ச் கட்டணமான 599ஐப் பின்னோக்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். பழைய கணக்கை மீட்டெடுக்கும் வேலையில் அது ஒருவேளை ஏற்கத்தக்க ஊகமாக இருக்கலாம். ஆனால் வருங்காலத்தைக் கணிக்கும் மாதிரிக்குத் தரவு தயார் செய்யும்போது, ஜனவரியில் யாருக்கும் தெரிந்திராத மார்ச் விவரத்தை ஜனவரிக்குள் வைத்ததாக ஆகிவிடும். அந்த மாதிரி சோதனையில் நன்றாகக் கணித்து, நடைமுறையில் கைவிட்டுவிடும்.

ஒருவருக்குள்ளேயே முன்னோக்கி நிரப்புவதும் ஊகம்தான் என்பதை மருத்துவ ஆய்வுத் துறை அறியும். சிகிச்சை ஆய்விலிருந்து பாதியில் விலகிய நோயாளிக்கு, கடைசி வருகையில் எடுத்த அளவையே இறுதிவரை வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே நீண்ட காலம் இருந்தது. 2010இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை, அதன் பின்னால் இருக்கும் ஊகம் அறிவியல் முறையில் நியாயப்படுத்தப்படாத வரை, விடுபட்ட தரவைக் கையாளும் முதன்மை வழியாக அதைக் கொள்ள வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நின்றுபோன ஒருவரின் நிலை அப்படியே உறைந்திருக்கும் என்று நினைக்கக் காரணம் வேண்டும்.

எவ்வளவு தூரம் ஒரு மதிப்பைக் கொண்டுபோகலாம் என்பதற்கும் வரம்பு வைக்கலாம். `ffill(limit=2)` என்றால், அடுத்தடுத்து வரும் காலிக் கட்டங்களில் இரண்டை மட்டும் நிரப்பி நிறுத்தும். இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். இந்த வரம்பு வரிகளை எண்ணுகிறது, நாட்களை அல்ல. இடையில் ஒரு மாதத்தின் வரியே இல்லாமல் போயிருந்தால், இரண்டு வரிகள் என்பது மூன்று மாதங்களாகிவிடும். மேலும் `groupby` இல்லாமல் வரம்பு மட்டும் வைத்தால் கசிவு நிற்காது. அடுத்த வாடிக்கையாளரின் முதல் இரண்டு கட்டங்களுக்கு அது தாராளமாகப் போய்ச்சேரும்.

நம் மூன்று வாடிக்கையாளர்களிடம் இனிச் செய்யவேண்டியது நிரல் எழுதும் வேலை அல்ல. C102இன் இரண்டு மாதங்களைப் பழைய மென்பொருளின் பதிவிலிருந்து எடுக்க முடியுமா என்று அதைப் பராமரித்தவரிடம் கேட்க வேண்டும். C103க்கு ஏன் கட்டணம் இல்லை என்று இணைப்புக் கொடுத்த பிரிவைக் கேட்க வேண்டும். சோதனை இணைப்பு என்று பதில் வந்தால் அங்கே 0 எழுதுவதுதான் சரி. பதிவு தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால் காலியாகவே விடுவது சரி. அதுவரை அறிக்கையில் 2396 ரூபாய் என்றும், அதற்குப் பக்கத்திலேயே, ஒன்பதில் ஐந்து மாதங்களுக்குக் கட்டணம் தெரியவில்லை என்றும் எழுத வேண்டும். அதைப் படிக்கும் மேலாளர் எதை நம்பலாம், எதை இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார். C103க்கு அனுப்பக்கூடாத ஒரு பில்லும் அனுப்பப்படாமல் நிற்கும்.